பக்கத் தலைப்பை மாற்றும் காரணத்தைக் கடைக்காரருக்கு எழுதுவது

வணக்கம். கும்பகோணத்தில் உள்ள பித்தளை விளக்குக் கடை ஒன்றின் இணையதளத்துக்கு ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். 40 பக்கங்களுக்குப் புது டைட்டில் எழுதி எக்ஸெல்லில் அனுப்பினேன். முதலாளி ஃபோன் செய்து, "கடைப் பேரை எல்லாத்துலயும் கடைசிக்குத் தள்ளிட்டீங்களே, இருக்கிறதுல என்ன குறை? சாமான் பேரெல்லாம் மாறிடுமா?" என்று கேட்டார். காரணத்தை மெயிலில் எழுதச் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டர் விஷயங்கள் அவருக்குப் பழக்கமில்லை. குத்துவிளக்குப் பக்கம் மூன்று மாதத்தில் கூகுளில் 4,200 முறை தெரிந்து, 38 பேர்தான் கிளிக் செய்திருக்கிறார்கள். அதையே முதல் காரணமாக எழுதலாமா? மெயில் எப்படி இருக்க வேண்டும்?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

அந்த 38-ஐ எழுதுவதற்கு முன் கூகுளின் சர்ச் கன்சோலில், தேடல் முடிவுகளில் அதே பக்கத்தின் சராசரி இடம் எத்தனை என்று பாருங்கள். அது 15, 20 என்று இருந்தால் பக்கம் கீழே எங்கோ கிடக்கிறது, பார்ப்பவர்களே குறைவு. அதற்குத் தலைப்பின் மேல் பழி போட முடியாது. 3-க்கும் 7-க்கும் நடுவில் இருந்துகொண்டு இவ்வளவு குறைவாகக் கிளிக் வந்தால்தான், பார்த்தும் தாண்டிப் போகிறார்கள் என்று சந்தேகப்படலாம். எந்தத் தேடலுக்குத் தெரிந்தது என்பதையும் பிரித்துப் பாருங்கள். brass lamp என்று தேடுபவர்களில் பாதிப் பேர் மேஜை மேல் வைக்கும் மின்விளக்கைத் தேடுபவர்களாக இருக்கலாம். அவர்கள் கிளிக் செய்யாதது நஷ்டமே இல்லை. kuthu vilakku என்ற தேடலுக்கு மட்டும் கணக்கு எடுத்து, அதிலும் நல்ல இடத்தில் இருந்து கிளிக் குறைவு என்றால் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை மெயிலிலிருந்து எடுத்துவிடுங்கள். எண்ணைக் காட்டிச் சம்மதம் வாங்கினால், மூன்று மாதம் கழித்து அதே எண்ணை வைத்துத்தான் கேள்வி வரும்.

மெயிலில் முதலில் வர வேண்டியது அவருடைய பயத்துக்குப் பதில். தலைப்பு என்றால் அவர் சாமானின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். செல்ஃபோனில் கூகுள் தேடலை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நீல வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு இணையுங்கள். அடுத்து, 40 பக்கத்துக்கும் மெயிலில் காரணம் எழுதாதீர்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பக்கத்தை எடுத்து விளக்கினால் போதும். மற்றவை அட்டவணையில் ஒற்றை வரியாக இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

பொருள்: பக்கத் தலைப்புகள் – உங்கள் சம்மதமும் மூன்று விவரங்களும் தேவை

வணக்கம் சார்,

நான் மாற்றச் சொல்வது கூகுளில் தேடும்போது நீல நிறத்தில் வரும் ஒரே ஒரு வரியை. இணைத்துள்ள படத்தில் வட்டம் போட்டிருக்கிறேன். சாமான்களின் பெயர், விலை, பில், பக்கத்தின் முகவரி எதுவும் மாறாது. பழைய வரிகளும் அட்டவணையில் இருக்கின்றன. எதை வேண்டுமானாலும் திரும்பப் போட்டுவிடலாம்.

கடைப் பெயரைப் பற்றிக் கேட்டீர்கள். முகப்பு, எங்களைப் பற்றி, தொடர்பு ஆகிய மூன்று பக்கங்களிலும் உங்கள் பெயர்தான் முதலில் வருகிறது. பெயர் தெரிந்து தேடுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் வருவார்கள். விளக்குப் பக்கங்களில் பெயர் கடைசியில் வருகிறது. அங்கே வருபவர் விளக்கைத் தேடி வருகிறார், கடை எது என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வரி நீளமாக இருந்தால் கூகுள் அதன் கடைசிப் பகுதியை வெட்டிவிடும்; வெட்டுப்படுவது விளக்கின் பெயராக இருக்கக் கூடாது. தளத்தின் பெயரைக் கூகுள் அந்த வரிக்கு மேலே தனியாகவும் காட்டுகிறது.

குத்துவிளக்குப் பக்கத்தில் இப்போது இருப்பதும், நான் சொல்வதும்:

```
கடைப்பெயர் - Products - Buy Brass Lamps Online Best Price
Brass Kuthu Vilakku, 1 to 5 Feet, Kumbakonam | கடைப்பெயர்
```

பழைய வரியில் குத்துவிளக்கு என்ற சொல்லே இல்லை. Products, Best Price என்பவை எந்தக் கடைக்கும் பொருந்தும். வாங்குபவர் முதலில் கேட்பது என்ன விளக்கு, எத்தனை அடி என்பதைத்தான். விலையைச் சேர்க்கவில்லை. பித்தளை விலை ஏறி இறங்கும்போது தளத்தில் ஒன்றும் கூகுளில் வேறொன்றும் தெரியும்.

தனி விளக்குகளின் பக்கங்களில்:

```
கடைப்பெயர் - Brass Lamp - Buy Online
Annam Kuthu Vilakku, 3 Feet, Brass, 5 Face | கடைப்பெயர்
```

பழைய வரி ஆறு பக்கங்களில் அப்படியே ஒன்றாக இருக்கிறது. அன்ன விளக்கு எது, காமாட்சி விளக்கு எது, பாவை விளக்கு எது என்று தேடுபவருக்குத் தெரியாது. எடையைத் தலைப்பில் போடவில்லை. வார்ப்புச் சாமானில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். எடை பக்கத்தின் உள்ளே இருக்கட்டும்.

உங்களிடமிருந்து வேண்டியவை: ஒன்று, Nachiarkoil என்று போட்டிருக்கும் விளக்குகளில் உண்மையாகவே நாச்சியார்கோயிலில் செய்தவை எவை? இரண்டு, உயரம் அன்னத்தையும் சேர்த்து அளந்ததா? மூன்று, 5 அடி விளக்கு எப்போதும் கடையில் இருக்குமா, ஆர்டருக்கு மட்டுமா?

இதனால் முதலிடம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கூகுள் சில சமயம் நாம் கொடுத்த வரியை விட்டு வேறு வரியையும் காட்டும். சரி என்றால் அட்டவணையில் கடைசிப் பத்தியில் 'சரி' என்று போடுங்கள். எதுவும் போடாத வரிகளை நான் தொட மாட்டேன்.

மெயில் இவ்வளவுதான். ஆனால் அதில் உள்ள முதல் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு புவிசார் குறியீடு பெற்ற பொருள். மொராதாபாத்திலிருந்து வந்த விளக்குக்கு அந்த ஊர்ப் பெயரைத் தலைப்பில் வைத்தால், அது 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்படி குற்றம் வரை போகக்கூடிய விஷயம். எழுதியது நீங்கள், மாட்டுவது கடைக்காரர். 'நாச்சியார்கோயில் ஸ்டைல்' என்று ஒட்டுப்போட்டுத் தப்பிப்பதும் வேண்டாம். அவர் பதில் எழுத்தில் வரும்வரை அந்தச் சொல்லைப் புதிதாக எங்கும் சேர்க்காதீர்கள். Pure Brass என்பதையும் இதோடு எடுத்துவிடலாம். செம்பும் துத்தநாகமும் கலந்ததுதான் பித்தளை, அதில் 'சுத்தம்' என்பது வாங்குபவருக்கு ஒன்றும் சொல்வதில்லை.

தமிழ் எழுத்தில் தலைப்பு வைக்கலாமா என்று முதலாளி கேட்டால், சர்ச் கன்சோலில் ஆட்கள் எந்த எழுத்தில் தட்டுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். வைப்பதாக இருந்தால், டைட்டில் பெட்டிக்குக் கீழே வரும் எழுத்துக் கணக்கை நம்பாதீர்கள். 'குத்துவிளக்கு' நம் கண்ணுக்கு 7 எழுத்து. உகரக் குறி, இகரக் குறி, புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவதால் மென்பொருளுக்கு அது 13. கூகுள் வெட்டுவது எழுத்து எண்ணிக்கையைப் பார்த்து அல்ல, திரையில் வரி பிடிக்கும் அகலத்தைப் பார்த்து. அதனால் பெட்டி சிவப்பாகிவிட்டது என்று சொல்லைக் குறைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் 55, 60 எழுத்துக்குள் நின்றால் பெரும்பாலும் முழுதாகத் தெரியும். தமிழ்த் தலைப்பை முன்னோட்டத்தில் அகலம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சம்மதம் வந்து மாற்றிய பிறகு, ஒரு பக்கத்தைத் திறந்து அதன் மூல நிரலைப் பாருங்கள். முகவரிப் பட்டியில், பக்க முகவரிக்கு முன்னால் `view-source:` என்று சேர்த்தால் போதும். அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான்:

```
<title>Annam Kuthu Vilakku, 3 Feet | கடைப்பெயர் – கடைப்பெயர்</title>
```

பல தளங்களில் தோற்றத்தை அமைக்கும் தீமோ எஸ்.இ.ஓ. ப்ளக்-இன்னோ கடைப் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டும். நீங்களும் எழுதியிருந்தால் இரண்டு முறை வரும். அங்கே உங்கள் வரியிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் வரும் `<h1>` தலைப்பையும் ஒத்துப்பாருங்கள். அதில் 'Lamp 07' என்றும் டைட்டிலில் அன்ன விளக்கு என்றும் இருந்தால், கூகுள் உங்கள் வரியை விட்டுவிட்டு வேறெதையாவது எடுக்க வாய்ப்பு அதிகம். எந்த வரியைக் காட்டுவது என்று முடிவு செய்யும் முறையை மாற்றியதை 2021 ஆகஸ்டில் அறிவித்த கூகுள், அடுத்த மாதம் கொடுத்த கணக்கில் பக்கத்தின் டைட்டிலையே சுமார் 87% நேரம் பயன்படுத்துவதாகச் சொன்னது. அரைகுறையான, எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரியான, பக்கத்தில் இல்லாததைச் சொல்கிற டைட்டில்கள்தான் பெரும்பாலும் மாற்றப்படுகின்றன. வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பும்போது வரும் வரி `og:title` என்ற வேறு இடத்திலிருந்து வரலாம். முதலாளி முதலில் சோதித்துப் பார்ப்பது அங்கேதான் என்பதால், அதையும் மாற்றியாயிற்றா என்று பார்த்துவிடுங்கள்.

பலன் தெரிய வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். விளக்குப் பக்கங்களில் பாதியை மாற்றி, மீதியை அப்படியே விட்டு, கூகுளில் புது வரி தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து 28 நாள் பாருங்கள். கூகுள் திரும்ப வந்து படிக்கச் சில நாளும் ஆகும், சில வாரமும் ஆகும். முக்கியமான பக்கங்களுக்குச் சர்ச் கன்சோலில் இண்டெக்ஸிங் கோரிக்கை கொடுக்கலாம். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் இந்த ஒப்பீடே வேண்டாம். அப்போது எந்தத் தலைப்பு வைத்தாலும் விளக்குத் தேடுபவர்கள் கூடுவார்கள், தீபம் முடிந்ததும் குறைவார்கள். அந்த நேரம்தான் கிடைத்தது என்றால் போன வருடம் அதே வாரங்களோடு ஒப்பிடுங்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருக்கிறது.

இவ்வளவு எழுதியும் எல்லாப் பக்கத்திலும் பெயர் முன்னால்தான் வர வேண்டும் என்று அவர் நின்றால், சண்டை போடாதீர்கள், கடை அவருடையது. பெயரின் பின்னால் வரும் 'அண்ட் கோ', 'பிரைவேட் லிமிடெட்' போன்றவற்றை மட்டும் தலைப்பில் விட்டுவிடச் சம்மதம் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டால், பெயர் முன்னால் இருந்தாலும் விளக்கின் வகையும் அடியும் வெட்டுப்படாமல் நிற்கும்.