சந்தை விலை தினமும் மாறும்போது முட்டை டிரேக்கு எப்படி விலை வைப்பது?

கேள்வி: 500 முட்டைக் கோழிகள் வளர்க்கிறேன். கொஞ்சம் வியாபாரிக்குப் போகிறது, மீதியைக் கடைகளுக்கும் மெஸ்களுக்கும் டிரே கணக்கில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சந்தை விலை தினமும் மாறுகிறது. தினமும் மாற்றிச் சொன்னால் கடைக்காரர்கள் சலித்துக்கொள்கிறார்கள். ஒரே விலையில் நின்றால், ஏறும்போது நான் நஷ்டப்படுகிறேன், இறங்கும்போது அவர்கள் வேறு இடத்தில் வாங்கிவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: ஒரே விலையில் நிற்கும்போது நடப்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். விலை ஏறினால் எல்லோரும் உங்களிடம், இறங்கினால் ஒருவரும் இல்லை. அதனால் கடைக்காரரிடம் விலையைப் பேசாதீர்கள், விலை போடும் முறையைப் பேசி முடியுங்கள்.

கணக்கு எளிதாக இருக்க, வெளியில் அறிவிக்கப்படும் மொத்த விலை 30 முட்டை கொண்ட ஒரு டிரேக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். வியாபாரி அந்த விலையைத் தரமாட்டார்; கழித்துத்தான் தருவார். உங்கள் கைக்கு 94 வருகிறது என்றால், உங்கள் முட்டையின் உண்மையான சந்தை விலை 94தான். கடைக்குக் கொண்டுபோக வண்டிச் செலவு, திரும்பி வராத டிரே, வழியில் உடைவது, பாக்கி நிற்கும் பணம் எல்லாம் சேர்ந்து டிரேக்கு 9 ஆகிறது என்றால், கடையில் 103க்கு விற்றால்தான் வியாபாரிக்குக் கொடுத்ததற்குச் சமம். ஆகவே அறிவிப்பு விலைக்கு மேல் 3 வைப்பது வீண் அலைச்சல். 8 வைத்தால் டிரேக்கு 5 மிஞ்சும். இந்த 8ஐச் சதவீதமாக வைக்காதீர்கள், நிலையான தொகையாகவே வையுங்கள். முட்டை விலை இறங்கினால் வண்டிச் செலவும் சேர்ந்து இறங்குவதில்லையே!

அடுத்து, எந்த நாள் விலை? கடந்த 7 நாள் சராசரியை எடுத்து, வாரத்தில் ஒரே கிழமையில் விலையைச் சொல்லுங்கள். போன வாரம் 100, 102, 104, 103, 99, 96, 96 என்று போனது என்றால் சராசரி 100, உங்கள் விலை 108. அறிவிப்பு விலையையே அடிப்படையாக வைப்பதற்குக் காரணம், கடைக்காரரும் அதைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வாரம் 96, 94, 90, 88 என்று சரிந்தால், நான்காம் நாள் சந்தையில் 88, நீங்கள் 108. கடைக்காரர் நிச்சயம் நழுவுவார். எனவே முன்கூட்டியே ஒரு விதி பேசுங்கள்: அன்றைய விலை வாரச் சராசரியைவிட 10க்கு மேல் விலகினால், கடைசி 3 நாள் சராசரிக்கு மாற்றிவிடுவோம். இங்கே 94, 90, 88இன் சராசரி ஏறக்குறைய 91. உங்கள் விலை 99. விலை ஏறும்போதும் இதே விதிதான். ஏற்றத்துக்கு மட்டும் விதியைப் பயன்படுத்தினால் இரண்டாவது மாதமே ஆள் போய்விடுவார்.

உற்பத்திச் செலவு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். அதை வைத்து விலை போட முடியாது, வாங்குபவருக்கு அது தேவையில்லை. ஆனால் பண்ணைக்குள் முடிவெடுக்க அதுதான் வேண்டும், அதைப் பணத்தில் அல்லாமல் தீவனக் கிலோவில் பாருங்கள். ஒரு கோழி நாளைக்கு 110 கிராம் தின்றால் 500 கோழிக்கு 55 கிலோ. 80 சதவீதம் முட்டையிட்டால் 400 முட்டை, அதாவது 13 டிரேயும் 10 முட்டையும். ஒரு டிரேக்குத் தீவனம் 4.1 கிலோ. அதே கோழிகள் வயதாகி 65 சதவீதத்துக்கு இறங்கினால் 325 முட்டைதான், டிரேக்கு 5.1 கிலோ தீவனம் போகிறது. சந்தை விலை அசையாமல் இருக்கும்போதே உங்கள் செலவு கால் பங்கு ஏறிவிட்டது. பலர் சந்தையைத் திட்டிக்கொண்டு இருக்கும் நேரத்தில் உண்மையில் நடப்பது இதுதான்.

மொத்தச் செலவில் பெரும்பங்கு தீவனம். மீதி குஞ்சு வளர்த்த செலவு, மருந்து, மின்சாரம், கூலி. கைக்கு வரும் விலை மொத்தச் செலவுக்குக் கீழே, ஆனால் தீவனம் உள்ளிட்ட அன்றாடச் செலவுக்கு மேலே இருந்தால் விற்றுக்கொண்டே இருங்கள். முட்டையைத் தேக்கினால் தரம் போகும், விலை திரும்பும் என்ற உத்தரவாதமும் கிடையாது. அன்றாடச் செலவுக்கும் கீழே போய் இரண்டு மூன்று வாரம் நீடித்தால், குறைவாக முட்டையிடும் வயதான கோழிகளைக் கறிக்கு ஒதுக்கும் கணக்கைப் போடுங்கள். கோழியின் விற்பனை விலையும் அதில் சேரும்.

இன்னொன்று: இளங்கோழிகளின் சிறு முட்டையை வழக்கமான டிரேயில் கலக்காதீர்கள். தனி டிரேயில், குறைந்த கூடுதல் தொகையோடு கொடுங்கள். கலந்துவிட்டால் கடைக்காரர் மொத்த டிரேயையும் சிறு முட்டை விலைக்குக் கேட்பார், நீங்கள் பேசி வைத்த 8 முதலில் அங்கேதான் கரையும்.