வீட்டில் வரும் கணக்கு வகுப்பில் ஏன் வருவதில்லை?

கேள்வி: நான் தோவாளைப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பெண் பிள்ளைகளில் ஏழெட்டுப் பேர் வீட்டுப்பாடத்தைச் சரியாகச் செய்து வருகிறார்கள். போர்டுக்குக் கூப்பிட்டால் கை நடுங்குகிறது, தேர்வில் அதே கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள் அல்லது விட்டுவிடுகிறார்கள். பையன்கள் தப்பாகச் சொன்னாலும் கையைத் தூக்குகிறார்கள். நான் அடிப்பதோ திட்டுவதோ இல்லை. பாடம் நடத்தும் முறையில் எதை மாற்ற வேண்டும்?
– ஓர் ஆசிரியை, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, முதலில் அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது பயமா, புரியாமையா என்று பிரித்துப் பாருங்கள். தேர்வில் தப்பாகப் போட்ட அதே கணக்குகளில் ஐந்தை, சில நாள் கழித்து, மதிப்பெண் இல்லை, நேரக் கணக்கும் இல்லை என்று சொல்லி வகுப்பிலேயே கொடுங்கள். வீட்டில் யாராவது உதவியிருக்கலாம் என்பதால் வீட்டுப்பாடத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். இப்போது சரியாக வந்தால் அது பயம். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித் தப்பு வந்தால் பாடம் புரியவில்லை. பல பிள்ளைகளிடம் இரண்டும் கலந்திருக்கும்.

பயம் கணக்கை எப்படிக் கெடுக்கிறது என்பது ஓரளவு தெளிவாகத் தெரிந்த விஷயம். கடன் வாங்குவது, மீதியை ஏற்றுவது, பொதுப் பகுதியை நினைவில் வைப்பது எல்லாம் மனதுக்குள் ஒரு சிறிய இடத்தில்தான் நடக்கின்றன. ‘தப்பாகிவிடுமோ, சிரிப்பார்களோ’ என்ற எண்ணமும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மார்க் ஆஷ்கிராஃப்ட், எலிசபெத் கிர்க் என்ற உளவியலாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், வேறொன்றை நினைவில் வைத்துக்கொண்டே மீதி ஏற்றும் கூட்டலைச் செய்யச் சொன்னபோதுதான் பயமுள்ளவர்கள் அதிகம் தடுமாறினார்கள். ஆகவே, எளிய கணக்கில் தெரியாத பயம், நாலு படி உள்ள கணக்கில் வெளியே வரும்.

ஏன் பெண் பிள்ளைகள்? ஜெர்மன் மாணவர்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். ‘உனக்குக் கணக்கென்றால் பயமா?’ என்று பொதுவாகக் கேட்டபோது பெண்கள் ஆண்களைவிட அதிகமாக ஆமாம் என்றார்கள். வகுப்பு நடக்கும்போதும் தேர்வு எழுதும்போதும் அந்தந்த நேரத்துப் பதற்றத்தைக் கேட்டால் வித்தியாசம் இல்லை. தன் திறமை பற்றி அவர்கள் வைத்திருக்கும் குறைந்த மதிப்புதான் பொதுவான பதிலில் தெரிகிறது. அந்த மதிப்பு வகுப்பில் தினமும் உருவாகிறது. ஒரு வாரம் நீங்கள் பாராட்டும் சொற்களைக் கவனியுங்கள். பெண் பிள்ளையின் நோட்டைப் பார்த்து ‘எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்’ என்கிறோம், பையனிடம் ‘நல்ல மூளைடா உனக்கு’ என்கிறோம். நான் பார்த்த பல வகுப்புகளில் இதுதான் நடக்கிறது. அழகாக எழுதுகிறவளுக்கு அடித்தல் திருத்தல் அவமானமாகிவிடும். ‘பொதுப் பகுதி 12 என்று எப்படிப் பிடித்தாய்?’ என்று அவள் யோசித்ததைக் கேளுங்கள், பாராட்டுவதானால் அதைப் பாராட்டுங்கள்.

இனி போர்டு. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் இருப்பவர்கள் குறைந்தார்கள். ஒரு விநாடியில் கை தூக்குகிறவன் யோசித்துத் தூக்குவதில்லை, பழக்கத்தில் தூக்குகிறான். ஆகவே கை தூக்குவதையே கொஞ்ச நாள் நிறுத்திவிடுங்கள். கேள்வியைப் போர்டில் எழுதி, எல்லோரும் ரஃப் நோட்டில் தனியாகப் போடட்டும். அப்புறம் பக்கத்தில் இருப்பவளோடு ஒரு நிமிடம் பேசட்டும். நீங்கள் வரிசைக்குள் நடந்து விடைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கிடைத்த விடைகளை, யாருடையது என்று சொல்லாமல், நீங்களே போர்டில் எழுதுங்கள்.

பின்னக் கூட்டலில் இதைச் செய்து பார்க்கலாம். 1/2 + 1/4 கொடுத்தால் 3/4, 2/6 என்று இரண்டு விடைகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். எது சரி என்று உடனே சொல்லாதீர்கள். ‘அரை முழம் பிச்சிப்பூவோடு கால் முழம் சேர்த்தால் எவ்வளவு?’ என்று கேளுங்கள். பூச்சந்தை உள்ள ஊர்ப் பிள்ளைகள், முக்கால் என்று யோசிக்காமலே சொல்வார்கள். ‘சரி, 2/6 அரையைவிடப் பெரிதா சிறிதா?’ என்பது அடுத்த கேள்வி. ஆறில் மூன்றுதான் அரை, எனவே 2/6 அரையைவிடக் குறைவு. அரை முழத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைவாக எப்படி வரும்? இந்த இடத்தில் 2/6 எழுதியவள் தானே பிடித்துவிடுவாள், யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை.

அங்கேயே நின்று, ஏன் அப்படி எழுதத் தோன்றியது என்றும் பேசுங்கள். பெருக்கலில் மேலோடு மேல், கீழோடு கீழ் செய்கிறோம், அந்தப் பழக்கம் கூட்டலுக்குள் வந்துவிடுகிறது. அடுத்து 2/3 + 1/4 கொடுத்து, போடும் முன்பே விடை அரையைத் தாண்டுமா என்று கேளுங்கள். 2/3 ஒன்றே அரையைத் தாண்டிவிடுகிறது என்பதால், மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டி வரும் 3/7 நிற்காது, அது அரையைவிடக் குறைவு. 8/12 + 3/12 = 11/12 என்று வரும்போது, அது ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே, பொருந்துகிறது என்று அவர்களே சொல்ல முடியும். தேர்வு அறையில் நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள், விடையைத் தானே சோதிக்கத் தெரிந்தவளுக்கு அங்கே பதற்றம் குறையும்.

போர்டுக்கு வருவதை ஒழிக்க வேண்டாம். யார் வரப்போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், தொடக்கத்தில் இருவராக வரட்டும், ஒருத்தி எழுத மற்றவள் விளக்கட்டும். கணக்கையும் எளிதாக்காதீர்கள். தடுமாறுகிறவளுக்கு மட்டும் சின்னக் கணக்கு கொடுத்தால், ‘டீச்சரே என்னை அப்படித்தான் நினைக்கிறார்கள்’ என்று அவள் புரிந்துகொள்வாள். ‘பரவாயில்லை மக்ளே, எல்லோருக்கும் கணக்கு வராது’ என்று ஆறுதல் சொல்வதும் அதே வேலையைத்தான் செய்யும்.

எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கான என்எம்எம்எஸ் தேர்வு இருக்கிறதே, ஒரு தாளுக்கு 90 நிமிடத்தில் 90 வினா, வேகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் முறை பிடிபட்ட பிறகு. நேரம் பார்த்துப் போடும் பயிற்சியை அப்போது தொடங்கி, அவரவர் போன வாரத்து எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். யார் முதலில் முடித்தார் என்று வகுப்பில் சொல்லாதீர்கள்.

பெற்றோர் கூட்டத்தில் அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘எனக்கும் கணக்கு வராது, அதான் அவளுக்கும் வரல’ என்று பிள்ளை முன்னால் சொல்லவே வேண்டாம். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்குப் பயம் உள்ள ஆசிரியைகளிடம் படித்த ஒன்றாம், இரண்டாம் வகுப்புச் சிறுமிகளில், கணக்கு ஆண்களுக்கே வரும் என்ற எண்ணம் ஆண்டு முடிவில் வந்துவிட்டவர்கள் கணக்கில் பின்தங்கினார்கள். பையன்களிடம் அந்தப் பாதிப்பு இல்லை.

பயமில்லாத சூழலிலும் 8 + 7-ஐ விரல்விட்டே எண்ணுகிற, எந்த எண் பெரிது என்பதில் தொடர்ந்து குழம்புகிற பிள்ளை இருந்தால், அது கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். கற்பிக்கும் முறையை மட்டும் மாற்றினால் போதாது. வட்டார வள மையத்தின் சிறப்பு ஆசிரியரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றவர்களிடம் மாற்றம் மதிப்பெண்ணில் முதலில் தெரியாது. தேர்வுத்தாளில் வெறுமையாக விட்ட கணக்குகளை எண்ணி வாருங்கள். அவை குறைந்து, அந்த இடத்தில் பாதி வரை போட்ட தப்பான விடைகள் வந்தால், முறை வேலை செய்கிறது, தொடருங்கள். அந்தப் பாதி விடைக்குப் படி மதிப்பெண் கொடுக்கவும் தயங்க வேண்டாம்.