ஷோனென் என்பது அலமாரியின் பெயர்

வணக்கம் சார். என் மகனுக்கு 11 வயது. வகுப்பில் எல்லோரும் அனிமே பார்க்கிறார்கள் என்று இவனும் அடம்பிடிக்கிறான். ஷோனென் என்று போட்டிருப்பதைக் காட்டுங்கள், செய்னென் பக்கம் விடாதீர்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இசெகாய், ஸ்லைஸ் ஆஃப் லைஃப் என்றும் ஏதேதோ இருக்கிறது. எதை நம்பித் தேர்ந்தெடுப்பது?
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொன்னதை நான் ஏற்கெனவே செய்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவன். தங்கை மகளுக்கு அப்போது பத்து வயது. ‘அட்டாக் ஆன் டைட்டன்’ ஷோனென் என்று எங்கோ படித்தேன், ஷோனென் என்றால் சிறுவன் என்று அர்த்தமும் தெரியும், போட்டுவிட்டு டீ போடப் போய்விட்டேன். முதல் பகுதியிலேயே, இடிந்த வீட்டுக்கடியில் சிக்கிய அம்மாவை ஓர் அரக்கன் எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறது. பையனை ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு ஓட, அவன் திரும்பிப் பார்த்தபடியே போகிறான். நான் வந்தபோது அவள் அழவில்லை, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு என் தங்கை என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஷோனென் கதையின் வகை இல்லை. அது பத்திரிகையின் விலாசம். பல அனிமேக்களுக்கு மூலம் மாங்கா என்ற படக்கதை. ஜப்பானில் அது முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வரும், ஒவ்வோர் இதழும் இன்ன வயதினருக்கு என்று வைத்து விற்கப்படும். பையன்களுக்கான இதழில் வந்தால் ஷோனென், வளர்ந்த ஆண்களுக்கான இதழில் வந்தால் செய்னென். டைட்டன் கதை 2009இல் ‘பெஸ்ஸாட்சு ஷோனென் மேகசின்’ என்ற மாத இதழில் தொடங்கியது, அதனால் ஷோனென், அவ்வளவுதான். ஷோனென் இதழ்களில் கான்ஜி என்ற கடினமான எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் உச்சரிப்பும் அச்சாகியிருக்கும், ஃபுரிகானா என்பார்கள். அந்த எழுத்தைக் கற்காத பையனும் வாசிக்க முடியும். அந்தப் பெயர் ஓரளவு தருகிற உறுதி இது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: பையனால் படிக்க முடியும். எதைப் படிப்பான் என்பதைப் பற்றி அது பேசுவதே இல்லை.

இன்னும் சந்தேகம் இருந்தால் ‘வின்லாண்ட் சாகா’வைப் பாருங்கள். யுகிமுரா மகோட்டோ 2005இல் இதை ‘வீக்லி ஷோனென் மேகசி’னில் தொடங்கினார். வாரா வாரம் பக்கங்களை வரைந்து முடிக்க முடியவில்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் ‘ஆஃப்டர்நூன்’ என்ற மாத இதழுக்கு மாறினார். அது செய்னென் இதழ். அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கத் துடிக்கும் அதே தோர்ஃபின், அதே கத்தி, அதே ரத்தம், ஆனால் கதையின் ஜாதிச் சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது! மாறியதற்குக் காரணம் வரைபவரின் முதுகுவலி என்றுகூடச் சொல்லலாம். இப்போது சொல்லுங்கள், உங்கள் நண்பர் எந்த இடத்தில் பையனின் கண்ணை மூடச் சொல்வார்?

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘கே-ஆன்!’ செய்னென் இதழில் வந்த நான்கு கட்ட மாங்கா. பள்ளி இசைக்குழுவில் சில பெண்கள், கித்தாரைவிட டீயும் கேக்கும் அதிகம். உங்கள் பையன் தாராளமாகப் பார்க்கலாம், கொட்டாவி விட்டால் நான் பொறுப்பில்லை. ‘கௌபாய் பீபாப்’ போல நேரடியாக அனிமேவாகவே எழுதப்பட்டவற்றுக்கோ இதழே கிடையாது. அவற்றின் மேல் ஷோனென், செய்னென் என்று எழுதியிருந்தால் யாரோ ஊகித்து ஒட்டியதுதான்.

இசெகாய் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆள் வேறோர் உலகத்துக்குப் போகிறான் என்று மட்டும் தெரியும். ‘ரீ:ஜீரோ’வில் போனவன் செத்துச் செத்துப் பிழைக்கிறான், வேறொன்றில் நிம்மதியாகக் காய்கறி பயிரிடுகிறான், இரண்டும் இசெகாய். ஸ்லைஸ் ஆஃப் லைஃப் என்றால் பெரிய சண்டை வராது என்று ஓரளவு நம்பலாம், துக்கம் வராது என்று நம்ப வேண்டாம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. முதல் இரண்டு பகுதிகளை நீங்கள் பார்த்துவிட்டுக் காட்டுவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முக்கால் மணி நேரம், கே. அதற்குக்கூட நேரமில்லாமல், யாரோ ஒட்டிய சீட்டைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள், நான் டீ போடப் போன மாதிரி. வயது மதிப்பீடு என்று திரையில் ஓர் எண் வருமே, அதையாவது முதலில் பாருங்கள். ஜப்பானில் டைட்டன் ஒளிபரப்பானது பிள்ளைகள் தூங்கியபிறகு, வெகு இரவில். அது எனக்கு அப்போது தெரியாது.

தங்கை மகள் இப்போது கல்லூரி. என் வீட்டில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் இன்றும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்கிறாள்: “மாமா, இதுல யாரோட அம்மாவையாவது சாப்பிடுவாங்களா?”