ஸ்கேனில் 98 காட்டிய துடிப்பு

கேள்வி: எனக்கு 29 வயது. முதல் கர்ப்பம். கடைசி மாதவிலக்குக் கணக்குப்படி 6 வாரம் 4 நாளில் வயிற்றின் மேல் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். சாக் மட்டும் தெரிகிறது, குழந்தை தெரியவில்லை என்றார்கள். 5 நாள் கழித்து உள் ஸ்கேன் எடுத்தபோது கரு 3 மி.மீ., இதயத்துடிப்பு 98 என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. 10 நாள் கழித்து வரச் சொன்னார் டாக்டர். என் தோழிக்கு 7 வாரத்தில் 140 இருந்ததாம். எனக்கு ஏன் இவ்வளவு குறைவு? கரு தங்காதா? எனக்கு மாதவிலக்கு எப்போதுமே 38 நாளுக்கு ஒருமுறைதான் வரும்.

பதில்: கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, 38 நாள் என்று, அங்கிருந்து தொடங்குகிறேன்.

கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணும் வழக்கம் 28 நாள் சுற்றை மனதில் வைத்து வந்தது. அதில் 14-ஆம் நாள் வாக்கில் கருமுட்டை வெளியாகும் என்பது கணக்கு. 38 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை 24-ஆம் நாள் வாக்கில்தான் வெளியாகும். ஆக, காலண்டர் காட்டும் வயதை விட உங்கள் கரு ஏறக்குறைய 10 நாள் இளையது. இரண்டாவது ஸ்கேன் அன்று காலண்டர்படி 7 வாரம் 2 நாள், அதாவது 51 நாள். பத்தைக் கழித்தால் 41 நாள், 5 வாரம் 6 நாள். 3 மி.மீ. நீளமுள்ள கரு கிட்டத்தட்ட அந்த வயதுதான் இருக்கும். அளவும் கணக்கும் ஒத்துப்போகின்றன. அதே கழித்தலை முதல் ஸ்கேனுக்குச் செய்து பாருங்கள்: அன்று கரு 5 வாரம் 1 நாள். அந்த நாளில், அதுவும் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது, சாக் மட்டும் தெரிந்ததில் ஆச்சரியமே இல்லை.

கருவின் இதயம் 5 வாரம் தாண்டியதும் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது அதற்கு அறைகள் கிடையாது, ஒரு சிறு குழாய்தான். உள் ஸ்கேனில் முதலில் சாக், 5½ வாரம் வாக்கில் அதற்குள் சின்ன வளையம் போல யோக் சாக், பிறகு அந்த வளையத்தை ஒட்டி ஓர் அரிசி முனை அளவு கரு என்று வரிசையாகத் தெரியும். 6 வாரம் வாக்கில் அந்த முனையில் ஒரு மினுமினுப்பு தெரியும். அதுதான் துடிப்பு. 2, 3 மி.மீ. இருக்கும்போதே சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது. வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் இவையெல்லாம் ஒரு வாரம் போலத் தள்ளித்தான் தெரியும்.

இனி அந்த 98. துடிப்பு தொடங்கும்போது மெதுவாகத்தான் தொடங்கும். இதயத்தைத் தூண்டும் செல்கள் முதிர முதிர வேகம் நாளுக்கு நாள் ஏறி, 9 வாரம் வாக்கில் நிமிடத்துக்கு 170 போலப் போய், பிறகு நரம்புகளின் கட்டுப்பாடு வந்ததும் மெல்ல இறங்கி, கடைசி மாதங்களில் 110-க்கும் 160-க்கும் இடையில் நிற்கும். அதனால் வயதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 6 வாரம் 2 நாள் வரை 100-க்கு மேல் இருந்தால் நல்லது, 90-லிருந்து 99 வரை எல்லைக்கோடு, 90-க்குக் கீழே குறைவு என்று வைத்திருக்கிறோம். அதற்கு அடுத்த 5 நாளில், 7 வாரம் முடியும்போதே, எதிர்பார்ப்பு 120 ஆகிவிடும். உங்கள் தோழியின் 140 உண்மையான 7 வாரத்தில் எடுத்தது. உங்களுடையது 6 வாரம்கூட ஆகாதது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

இந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்பதும் தெரிந்தால் நல்லது. திரையில் மினுக்கும் இடத்தின் மேல் ஒரு கோட்டை நிறுத்துவார்கள். அந்தக் கோட்டில் நடக்கும் அசைவு கீழே அலை அலையாக ஓடும். ஓர் அலையின் உச்சியில் ஒரு புள்ளி, அடுத்த உச்சியில் இன்னொரு புள்ளி வைத்தால் மெஷின் வேகத்தைக் கணக்கிட்டுக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி 0.61 விநாடி என்றால் 98 வரும். புள்ளி ஒரு மயிரிழை தள்ளி விழுந்து 0.59 ஆனால் 102. 3 மி.மீ. கருவில் அலையே தேய்ந்துதான் தெரியும் என்பதால் 98-க்கும் 102-க்கும் நடுவே நான் பெரிய மதில் கட்டமாட்டேன். ஆனால் 75, 80 என்று வந்தால் முதலில் தாயின் கை நாடியைப் பிடித்துப் பார்ப்பேன். கர்ப்பப்பையின் ரத்தக்குழாய்த் துடிப்பு கருவுடையது போல ஏமாற்றும். அது தாயுடையதல்ல, கருவின் துடிப்பே 80-க்கும் கீழே என்று உறுதியானால், அந்தக் கரு பெரும்பாலும் தங்குவதில்லை.

உங்களுடையது எல்லைக்கோட்டில் இருக்கிறது. எல்லாம் சரி என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்க முடியாது. இந்த இடத்தில் இருக்கும் கர்ப்பங்களில் கலைவது 100-ஐத் தாண்டியவற்றை விடச் சற்று அதிகம்தான். ஆனாலும் பல கருக்கள் அடுத்த ஸ்கேனுக்குள் எட்டிப் பிடித்துவிடுகின்றன. 10 நாள் என்று உங்கள் டாக்டர் சொன்னது சரியான இடைவெளி. கரு இந்தக் காலத்தில் நாளுக்கு 1 மி.மீ. போல வளரும். ஆகவே 12, 13 மி.மீ. இருக்க வேண்டும், துடிப்பு 120-ஐத் தாண்டியிருக்க வேண்டும். மூன்றாம் நாளே இன்னொரு இடத்தில் போய் எடுத்தால், வளர்ச்சி எது, அளவுப் பிழை எது என்று பிரிக்க முடியாமல் குழப்பம்தான் கூடும்.

கரு 5, 6 மி.மீ.யிலேயே நின்று துடிப்பும் ஏறாமல் இருந்தால் அது கவலைக்குரியது. அப்போதும் துடிப்பு தெரிகிற வரைக்கும் காத்திருந்துதான் பார்ப்போம். துடிப்பே இல்லை என்றால், உள் ஸ்கேனில் கரு 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் கர்ப்பம் நின்றுவிட்டதாகச் சொல்லலாம். அதற்குச் சிறியதாக இருந்தால் குறைந்தது ஒரு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ‘துடிப்பு இல்லை, சுத்தம் செய்துவிடலாம்’ என்று 4 மி.மீ. கருவுக்கு யாராவது சொன்னால் மாத்திரை போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

துடிப்பைக் கூட்ட மருந்தோ, உணவோ, படுக்கை ஓய்வோ கிடையாது. வேலைக்குப் போனதாலோ படி ஏறியதாலோ அது குறையவும் இல்லை. (துடிப்பின் வேகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்வார்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.) நாப்கின் மணிக்கு ஒன்று நனைகிற அளவு ரத்தப்போக்கு, தாங்க முடியாத வலி, மயக்கம், இவற்றில் ஏதாவது வந்தால் மட்டும் 10-ஆம் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே போங்கள்.

அடுத்த முறை போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் கொண்டு போங்கள். ஸ்கேன் எடுப்பவரிடம் 38 நாள் சுற்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணினியில் கடைசி மாதவிலக்குத் தேதியை மட்டும் போட்டால் அது அன்று உங்களை 8 வாரம் 5 நாள் என்று காட்டும், அந்த வயதுக்கு 130-கூடக் குறைவாகத் தோன்றும்.