மனை வாங்கும் வரிசை

அன்புள்ள ஐயா,

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1,200 சதுர அடி மனை ஒன்றைப் பார்த்ததிலிருந்து ஏழு மாதமாக உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒன்பது கடிதம் ஆகிவிட்டது. நேற்று உங்கள் பதில்களை மொத்தமாக எடுத்துவைத்துப் படித்தால் எதை முதலில் செய்வது என்றே புரியவில்லை. விற்பவர் வரும் வெள்ளிக்கிழமை ஒரு லட்சம் டோக்கன் கேட்கிறார். இதுவரை சொன்னதையெல்லாம் செய்ய வேண்டிய வரிசையில் ஒரே பட்டியலாகத் தர முடியுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை பணம் கொடுக்காதீர்கள். அதற்கான காரணம், ஒன்பது பதில்களையும் அடுக்கிப் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

உங்களுக்கு எது எப்போது கவலையாக இருந்ததோ அந்த வரிசையில் கேட்டீர்கள், நானும் அப்படியே பதில் எழுதினேன். அதனால் பட்டா மாற்றம் முதல் கடிதத்திலும் மூலப்பத்திரம் ஐந்தாவதிலும் வந்துவிட்டன. உண்மையில் வரிசையைத் தீர்மானிப்பது பணம்தான். முதல் ரூபாய் கைமாறும் முன் செய்ய வேண்டியவை, ஒப்பந்தத்துக்கும் கிரயத்துக்கும் நடுவில் செய்ய வேண்டியவை, பதிவன்று, பதிவுக்குப் பின் என்று நான்காகப் பிரித்துக்கொண்டேன். மூன்றாவது கடிதத்தில் “சிறு தொகை கொடுத்து மனையைப் பிடித்து வையுங்கள்” என்றும், ஏழாவதில் “பத்திரம் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்” என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக நிற்காது. ஏழாவதில் சொன்னதை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள்.

முதல் வேலை, மூலப்பத்திரங்களின் சங்கிலி. விற்பவருக்கு யார் எழுதிக் கொடுத்தார், அவருக்கு யார் என்று குறைந்தது முப்பது ஆண்டு பின்னால் போக வேண்டும். நகல் போதாது, அசலைக் கண்ணால் பாருங்கள். அசலை யாரிடமாவது அடகு வைத்துவிட்டு, அதைப் பதியாமல் விட்டிருந்தால், பதிவானவற்றை மட்டும் காட்டும் வில்லங்கச் சான்றில் அது தெரியாது.

உங்கள் விஷயம் சிக்குவது இங்கேதான். இரண்டாவது கடிதத்தில், விற்பவர் 2008இல் மூன்று அண்ணன் தம்பிகளிடமிருந்து வாங்கினார், அந்த நிலம் 1996இல் உயில் இல்லாமல் இறந்த அவர்களுடைய அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்று எழுதியிருந்தீர்கள். ஆறாவது கடிதத்தில் வேறு ஏதோ பேச்சில், அந்த வீட்டில் இரண்டு பெண்களும் உண்டு, ஒருவர் திருச்சியில் இருக்கிறார் என்றீர்கள். நடுவில் நான்கு மாத இடைவெளி. நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகன்களுக்கு உள்ள அதே பங்கு மகள்களுக்கும் உண்டு. அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. 2008 பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இல்லையென்றால், அந்த மூவர் விற்றது தங்கள் பங்கை மட்டுமே. “பதினைந்து வருஷத்துக்கு மேலாக யாரும் கேட்கவில்லையே” என்று விற்பவர் சொல்லலாம். அது நீதிமன்றத்தில் அவர் வாதாட வேண்டியது, அதை நம்பி நீங்கள் பணம் போடக் கூடாது. இறந்தவரின் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். விடுபட்டவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விற்பவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிந்து தரட்டும், அல்லது உங்கள் கிரயப் பத்திரத்தில் சம்மதித்துக் கையெழுத்துப் போடட்டும். அவர்களில் யாராவது இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். அந்த வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும், அதற்கு நாளாகும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. இதை மூன்று கடிதங்களில் சொல்லியிருக்கிறேன், நீங்கள் ஒன்றாக எண்ணிவிட்டீர்கள். அது மூன்று வேறு நாளில் செய்ய வேண்டிய மூன்று வேலை: இப்போது, பதிவன்று காலையில், பதிவுக்குப் பிறகு. இப்போது பார்க்கும்போது tnreginet.gov.in தளத்தில் உங்கள் மனையின் 112/3B என்ற சர்வே எண்ணை மட்டும் போட்டால், உட்பிரிவு ஆன பிறகு நடந்தவை மட்டுமே வரலாம். 112/3 என்றும் 112 என்றும் தனித்தனியாகத் தேடுங்கள். சார்பதிவாளர் அலுவலகம் இடையில் பிரிந்திருந்தால் பழைய பதிவுகள் பழைய அலுவலகத்தின் பெயரில் இருக்கும், அங்கேயும் தேட வேண்டும். இணையத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிறகானவைதான் கிடைக்கும், உங்களுக்கு அது போதும். மூலப்பத்திரத்தில் உள்ள ஒவ்வொரு கிரயமும் சான்றிலும் இருக்கிறதா என்று டிக் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

மூன்றாவது, நிலம் என்ன நிலம் என்பது. eservices.tn.gov.in தளத்தில் பட்டா, நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு, அதன் எல்லையையும் அளவையும் காட்டும் புலப்படம் மூன்றையும் எடுங்கள். அ-பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் மேலே போக வேண்டாம். பட்டா வருவாய்த்துறைப் பதிவு மட்டுமே, அதை வைத்து உரிமையை முடிவு செய்யாதீர்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி கொடுத்த அனுமதி வரைபடத்தை வாங்கி, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா, பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் விழவில்லையா என்று பாருங்கள். ஊராட்சி அப்ரூவல் என்று ஒரு காகிதத்தைக் காட்டினால் அது போதாது. அப்புறம் வரைபடத்தோடு சர்வேயரைக் கூட்டிப்போய் நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள்.

இதுவரை சேர்ந்த காகிதங்களை உங்கள் சொந்த வழக்கறிஞரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குவது நான்காவது. வங்கி வழக்கறிஞரே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன், அதை மாற்றிக்கொள்கிறேன். அவர் பார்ப்பது வங்கியின் கடன் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதைத்தான்.

இந்த நான்கும் முடிந்த பிறகுதான் அட்வான்ஸ். அதையும் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிந்து, வங்கி வழியாகக் கொடுங்கள். நிலத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தை வாங்கிய விற்பவருக்கு அபராதம் வரும் என்பதால், ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் இதை எடுத்துச் சொல்லலாம். உரிமையில் குறை தெரிந்தால் முழுப் பணமும் இத்தனை நாளில் திரும்ப வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கிரயத்துக்கு முன் செலவைக் கணக்கிட்டு வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உங்கள் விலையான 18 லட்சத்துக்கு 1,62,000 ரூபாய். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு உங்கள் விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல் கணக்காகும்.

பதிவன்று காலையில் மறுபடி வில்லங்கம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண், நான்கெல்லை, அடி அளவு இவற்றைப் புலப்படத்தோடும் மனைப்பிரிவு வரைபடத்தோடும் ஒப்பிட்டு நீங்களே சத்தமாகப் படியுங்கள். எல்லா அசலும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம்.

பதிவான சில நாட்களில் உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று மூன்றாவது வில்லங்கம். பட்டாவும் அப்போதுதான். 112/3B முழுவதும் உங்கள் மனை அல்ல, அதில் ஒரு பகுதிதான் என்று கடைசிக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே பெயர் மாற்றம் மட்டும் போதாது, உட்பிரிவு செய்ய விண்ணப்பித்து நில அளவர் வந்து அளக்க வேண்டும். புதிய உட்பிரிவு எண்ணோடு பட்டா வந்ததும் அந்த எண்ணுக்குப் புலப்படத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

விற்பவரிடம் இன்றே வாரிசுச் சான்றைக் கேளுங்கள். அது வந்ததும் அதில் எத்தனை பெயர் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைப் பார்ப்போம்.