நட்சத்திரம் குவிகிறது, கணக்கு வருகிறதா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. கணக்கு சொல்லித்தரும் ஒரு செயலியை டேப்லெட்டில் இலவசமாக விளையாடுகிறாள். தினமும் நட்சத்திரம் குவிக்கிறாள். இப்போது ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: மகள் தூங்கிய பிறகு டேப்லெட்டை எடுத்து நீங்களே விளையாடிப் பாருங்கள். வேண்டுமென்றே தப்பான விடையாகப் போடுங்கள். (புதிய பெயரில் ஒரு கணக்கு தொடங்கிக்கொள்ளுங்கள். அவளுடைய நட்சத்திரம் குறைந்தால் காலையில் பஞ்சாயத்து வரும்.) சரியான விடைக்கு எல்லாச் செயலிகளும் கைதட்டத்தான் செய்யும். தப்பான விடைக்கு என்ன செய்கிறது என்பதில்தான் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியும்.

52-லிருந்து 17-ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்வோம். இந்த வயதில் பல பிள்ளைகள் இதற்கு 45 என்பார்கள். அது குருட்டாம்போக்கில் வருவதல்ல. 2-லிருந்து 7 போகாது என்று கண்டதும், திருப்பிப் போட்டு 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் 5-ல் 1 போக 4. கடன் வாங்கிக் கழிப்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

நீங்கள் 45-ஐத் தொட்டதும் சிவப்புப் பெருக்கல் குறி காட்டி, 'மறுபடி முயற்சி செய்' என்று மட்டும் சொன்னால் அது பரீட்சை வைக்கிறதே தவிர பாடம் நடத்தவில்லை. நான்கு விடைகளையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போங்கள். நான்காவது தடவையிலும் நட்சத்திரம் விழுந்தால், பிள்ளை கணக்குப் போடவே தேவையில்லை. அதை அவள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவாள். நல்ல செயலி அந்த இடத்தில் நின்று, ஐந்து பத்துக்கட்டும் இரண்டு குச்சியும் காட்டும். ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லும். நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி ஆனதும் அதிலிருந்து 17-ஐ அவளையே எடுக்கவைக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே மாதிரி இன்னொரு கணக்கையும் கொடுத்துப் பார்க்கும்.

கொடுக்கும் விடைகளையும் கவனியுங்கள். 35, 12, 80, 91 என்று இருந்தால், கழிக்கத் தெரியாத பிள்ளைகூட ஒதுக்கித் தள்ளியே 35-ஐப் பிடித்துவிடும். அதில் 45-ம் இருந்தால், பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்த ஒருவர் அதைச் செய்திருக்கிறார். விடையைத் தொட்டுத் தேர்வு செய்யாமல், தானே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

அடுத்து, அவள் விளையாடும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். பேசாமல் பாருங்கள். ஒரு கணக்கு முடிந்ததும் புதையல் பெட்டி, சக்கரம், பொம்மைக்குச் சட்டை என்று கணக்கைவிடப் பரிசு அதிக நேரம் ஓடுகிறதா? அப்படியானால் அவள் விளையாடுவது பொம்மை விளையாட்டு, நடுவில் கணக்கு தொந்தரவு செய்கிறது. பொம்மை விளையாட்டில் ஒரு தப்பும் இல்லை, அதற்குக் கல்விச் சந்தா எதற்கு என்பதுதான் கேள்வி. ஓடும் கடிகாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நன்றாகத் தெரிந்த கூட்டலை வேகப்படுத்த அது உதவலாம். கடன் வாங்கப் பழகும் பிள்ளையை அது ஊகிக்கத்தான் தள்ளும்.

கடைசியாக, ஒரு வாரம் விளையாடிய பிறகு, டேப்லெட்டை மூடிவிட்டு ஒரு தாளில் மூன்று கணக்கு கொடுங்கள்: 52 − 17, 43 − 28, 60 − 34. விடை 35, 15, 26 என்று வந்தால் சந்தாவை யோசிக்கலாம். 45, 25, 34 என்று வந்தால், மூன்றிலும் அதே திருப்பிப் போடும் தப்புதான். செயலி அதைத் தொடவே இல்லை, எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் சரி. ஒன்று மட்டும் தப்பாக வந்தால் கவனக்குறைவாக இருக்கலாம், எப்படிப் போட்டாய் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கட்டுவதென்று முடிவு செய்தால், ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதச் சந்தா இருந்தால் அதில் தொடங்குங்கள். இந்த வயதில் ஆர்வம் எப்போது வேறு பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. செயலியை இறக்கும் ஸ்டோர் பக்கத்தில் In-app purchases என்று போட்டிருந்தால், சந்தாவுக்கு மேலும் உள்ளே ஏதாவது விற்கிறார்களா என்று பாருங்கள். எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி டேப்லெட்டில் வைத்துவிடுங்கள். இலவசச் சோதனைக் காலம் கொடுத்தால் அது முடியும் நாளைக் குறித்துவையுங்கள். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோருக்குள் Payments & subscriptions, ஐபேடில் Settings-ல் உங்கள் பெயரைத் தொட்டால் வரும் Subscriptions, அங்கே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும். ஐபேடில் சோதனைக் காலம் முடிய 24 மணி நேரத்துக்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.