24 பக்கக் குறிப்பை 2 பக்கமாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பிரிவில் கொள்முதலைக் கவனித்துவந்தவர் இந்த வெள்ளிக்கிழமையோடு வேலையை விட்டுப் போகிறார். 24 பக்கத்துக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் இடத்துக்கு வருபவர் திங்கட்கிழமைதான் சேருகிறார். அவருக்காக இதை 2 பக்கமாகச் சுருக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பத்தி பத்தியாகச் சுருக்கிப் பார்த்தேன், 8 பக்கத்துக்குக் கீழே இறங்கவில்லை. எதை விடுவது?

பதில்: பத்தி பத்தியாகப் போனால் இறங்காது. போகிறவர் தனக்கு ஞாபகம் வந்த வரிசையில் எழுதியிருப்பார். வருபவருக்கு வேண்டியதோ தேதி வரிசை. அதனால் சுருக்குவதை விட்டுவிட்டுப் பொறுக்கி எடுங்கள். பென்சிலோடு ஒருமுறை படித்து, தேதிகள், ஆட்களின் பெயர்கள், முடியாத வினைகள் ஆகிய மூன்றை மட்டும் கோடிடுங்கள். முடியாத வினை என்பது ‘கேட்டிருக்கிறேன்’, ‘அனுப்ப வேண்டும்’, ‘பேசிக்கொண்டிருக்கிறோம்’ போன்றவை. கோடு விழாத பகுதியெல்லாம் பெரும்பாலும் வேலை செய்யும் முறை பற்றிய விளக்கம். அது மூலக் குறிப்பிலேயே இருக்கட்டும், உங்கள் தாளில் பக்க எண் போதும்.

தாளில் முன்னுரிமைப் பட்டியல், பென்டிங் வேலைகள், தொடர்புகள் என்று மூன்று பகுதி போதும். எழுதும்போது பென்டிங் வேலைகளில் தொடங்குங்கள். முன்னுரிமைப் பட்டியல் தாளில் மேலே நின்றாலும், அது இதிலிருந்துதான் பிறக்கும். குறிப்பில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “பிரின்டர் பராமரிப்பு ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பது பற்றி ஃபாலோ-அப் நடக்கிறது.” படிக்கும்போது குறையேதும் தெரியாது. ஆனால் யார் யாரை ஃபாலோ-அப் செய்கிறார்கள்? பந்து இப்போது யார் கையில்? ஒப்பந்தத்தையே எடுத்துப் பாருங்கள். முடியும் நாள் டிசம்பர் 31, வேண்டாமென்றால் 30 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தானாக இன்னொரு வருடம் நீளும் என்று இருந்தால், கெடு டிசம்பர் 31 அல்ல, டிசம்பர் 1. நிதிப் பிரிவின் ஒப்புதலுக்கு ஒரு வாரம் பிடிக்குமென்றால் நவம்பர் 24-க்குள் கோப்பு அவர்கள் மேசைக்குப் போயாக வேண்டும். தாளில் எழுத வேண்டியது இவ்வளவே: “பிரின்டர் பராமரிப்பு ஒப்பந்தம். சப்ளையரின் புதிய விலை வந்துவிட்டது, நாம்தான் பதில் சொல்லவில்லை. நவம்பர் 24-க்குள் நிதிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். விவரம்: பக்கம் 9.” என்ன வேலை, எங்கே நிற்கிறது, அடுத்த அடி யாருடையது, எப்போதைக்குள் என்ற நான்கும் இல்லாத வரியை முடிந்ததாக எண்ண வேண்டாம். ‘நடந்துகொண்டிருக்கிறது’, ‘அடுத்த வாரம்’ ஆகிய இரண்டையும் எங்கே கண்டாலும் பிரித்துக் கேளுங்கள். அவர் எழுதியபோது இருந்த ‘அடுத்த வாரம்’ இதற்குள் கடந்துபோயிருக்கலாம்.

இனி முன்னுரிமை. சேர்ந்த முதல் 10 வேலை நாளுக்குள் தொடாவிட்டால் பணமோ, கெடுவோ, கொடுத்த வாக்கோ போய்விடும் என்பவை மட்டும் மேலே ஏறட்டும். ஐந்தைத் தாண்டினால் மறுபடி வடிகட்டுங்கள். போகிறவர் எதைப் பற்றி அதிகம் எழுதியிருக்கிறாரோ அதுதான் முக்கியம் என்று தோன்றும். அதை நம்ப வேண்டாம். தனக்குப் பிடித்த வேலையைப் பற்றி எவரும் 3 பக்கம் எழுதுவார்கள், கசப்பான பாக்கித் தகராறு ஒரே வரியில் அடங்கியிருக்கும்.

தொடர்புகளில் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் அது வெறும் டெலிபோன் டைரக்டரி. ‘இன்வாய்ஸ் தொகை மாறினால் இவர், சரக்கு தாமதமானால் அவர்’ என்று எதற்கு யார் என்பதை முன்னால் எழுதுங்கள். கையெழுத்துப் போடுபவரும் காரியத்தை நகர்த்துபவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால் இருவரையும் குறியுங்கள். பாஸ்வேர்டுகளை இந்தத் தாளில் எழுத வேண்டாம், எந்த அனுமதியை யாரிடம் கேட்டு வாங்குவது என்பது போதும்.

வரைவை புதன்கிழமைக்குள் முடித்துவிட்டு, போகிறவரோடு அரைமணி நேரம் உட்காருங்கள். வெள்ளி மாலை விடைபெறும் சந்தடியில் அவர் எதற்கும் தலையாட்டுவார். குறிப்பில் இல்லாத இரண்டைக் கட்டாயம் கேளுங்கள்: வாய்மொழியாக யாருக்காவது ஏதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? அவர் பெயரிலுள்ள அலுவலக மெயில் முகவரிக்கு மட்டும் வரும் நினைவூட்டல்கள், இன்வாய்ஸ்கள் எவை? இரண்டாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. அலுவலகம் அவர் கணக்கை மூடியதும் அந்த மெயில்கள் வருபவர் கண்ணில் படாமலே போகும். முகவரியை மாற்றச் சொல்லி சப்ளையர்களுக்கு அவரே எழுதிவிட்டுப் போகட்டும்.

அவராலும் சொல்ல முடியாத இடத்தில் ஊகத்தை எழுதி நிரப்ப வேண்டாம். ‘உறுதி செய்யவில்லை’ என்று போட்டு, யாரிடம் கேட்கலாம் என்பதைப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.